“முடிந்தது” என்று எழுதியிருந்த ஒரு வரி

கொக்குவில்: யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். சம்பளம் பார்த்த அக்கா கொள்வனவுப் பிரிவுக்கு மாறியபோது பொறுப்புகளை எனக்கு மெயிலில் கையளித்தார். நல்ல மெயில். எந்த பைல் எந்த போல்டரில், வங்கியில் யாரைக் கேட்பது, எல்லாம் இருந்தது. மிச்ச வேலைகளில் ஒரு வரி: “ஜூலை ஈ.பி.எஃப். முடிந்தது.”

காசு கட்டியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்கா சொன்னது படிவத்தை. 23 பேரின் சம்பளம் 1,150,000 ரூபாய். ஊழியரின் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் சேர்த்து 230,000. அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் அது போய்ச் சேர வேண்டும். அந்த மாதத்தின் கடைசி நாள் சனிக்கிழமை, அதற்கு முதல் நாள் வெள்ளி போயா விடுமுறை. வியாழன் பின்னேரம் வங்கிக் கூற்றில் 230,000 கழிந்திருக்கிறதா என்று தேடினேன், இல்லை. உடனே கட்டப் பார்த்தால் ஓ.டி.பி. அக்காவின் போனுக்குப் போகிறது. அவர் கிளிநொச்சியில், போன் எடுக்கவில்லை. நாலு நாள் பிந்தியது. 5 வீத மேலதிகக் கட்டணம், 11,500 ரூபாய். அதை நிறுவனம்தான் கட்ட வேண்டும், ஊழியரிடம் பிடிக்க முடியாது.

மானிப்பாய்: பாஸ்வேர்டையும் மெயிலிலேயே எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினை வராது.

சாவகச்சேரி: வரும் தம்பி. பாஸ்வேர்ட் இருந்தாலும் ஓ.டி.பி. பழைய போனுக்குத்தானே போகும்? அதோடு நீங்கள் அனுப்பும் காசு அக்காவின் பெயரில் பதிவாகும், நாளைக்குக் கணக்காய்வில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். போன் இலக்கத்தை மாற்ற, கையொப்ப அதிகாரமுள்ளவர்களின் கடிதம் வங்கிக்குப் போக வேண்டும், சில நாள் எடுக்கும். அதனால் ஆள் மாறப் போகிறார் என்று தெரிந்த கிழமையே அதைத் தொடங்குவேன்.

மெயிலில் “முடிந்தது”, “நடக்கிறது” என்ற சொற்களை எழுத நான் விடுவதே இல்லை. “படிவம் தயார். வங்கியில் பதிந்தேன். இயக்குநர் இன்னும் ஒப்புதல் தரவில்லை. 29ஆம் திகதி, வியாழன், கடைசி நாள்” என்று எழுத வைப்பேன். இப்போது யார் கையில் நிற்கிறது என்பது அதில் தெரியவேண்டும்.





பருத்தித்துறை: எங்கள் கந்தோரில் சம்பள எக்செல் ஷீட்டைப் பொது டிரைவுக்கு மாற்றினார்கள். ஓவர்டைம் அவருடைய கணினியில் இருந்த இன்னொரு பைலிலிருந்து வருகிறது என்று யாரும் எழுதவில்லை. இரண்டு மாதம் பழைய ஓவர்டைமே போனது. ஒரு டிரைவர் அண்ணை தன் சம்பளச் சிட்டையைக் காட்டித்தான் தெரிந்தது.

கொக்குவில்: இதை நாளைக்கே எங்கள் ஷீட்டில் பார்க்கிறேன். ஒன்று கேட்க வேண்டும்: மாறிப் போனவரை எவ்வளவு காலம் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யலாம்?

சாவகச்சேரி: ஒரு மாதச் சம்பளத்தை அவரோடு சேர்ந்து போட்டுவிட்டால் போதும் என்பேன்.

பருத்தித்துறை: போதாது. மாதத்துக்கு ஒரு தடவை வரும் வேலைதான் அதில் தெரியும். வருடக் கடைசி வேலைக்கு யாரைக் கேட்பது?