நிழல் மரமும் தேயிலை விளைச்சலும்: பிரித்துப் பார்த்தால் 350 கிலோ, ரெக்ரஷனில் 232 கிலோ. எது சரி?

கோத்தகிரி_கொழுந்து:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றுக்காக 120 தோட்டங்களில் விவரம் எடுத்தேன். தோட்டத்தில் சில்வர் ஓக் நிழல் மரம் இருந்தால் பச்சை இலை கூடுகிறதா, குறைகிறதா என்பதுதான் கேள்வி. விளைச்சல் எல்லாம் ஏக்கருக்கு, ஆண்டுக்கு, கிலோவில்.

மொத்தமாகப் பார்த்தால் மரம் உள்ளவர்களுக்குச் சராசரி 3393, இல்லாதவர்களுக்கு 3733. மரம் வைத்தவர்களுக்கு 340 கிலோ நஷ்டம் போலத் தெரிகிறது. ஆனால் உறைபனி இறங்கும் பள்ளத்துத் தோட்டங்களில்தான் மரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அங்கே விளைச்சல் எப்படியும் குறைவு. அதனால் பள்ளம், சரிவு என்று பிரித்தேன்.

பள்ளத்தில் 60 தோட்டம். மரம் உள்ள 54-இல் சராசரி 3000, மரம் இல்லாத 6-இல் 2400. வித்தியாசம் 600.
சரிவில் 60 தோட்டம். மரம் உள்ள 30-இல் 4100, இல்லாத 30-இல் 4000. வித்தியாசம் 100.

இரண்டு பக்கமும் 60 என்பதால் சராசரி 350. சரி என்று நினைத்து, ஒத்துப் பார்க்க இதை ஓட்டினேன்:

```r
lm(ilai ~ maram + idam, data = d)
```

`maram`-க்கு 232 என்கிறது. அதே தரவு, அதே காரணி. இரண்டில் ஒன்று தப்பா? கூட்டத்தில் எந்த எண்ணைச் சொல்வது?

ஊட்டி_எண்கள்:
ரெக்ரஷனை நம்புங்கள். இரண்டே பிரிவாக வெட்டினால் தகவல் வீணாகும். ஒரே பள்ளத்துக்குள்ளேயே பனி கூடக்குறைய இருக்கும், அந்த வித்தியாசம் உள்ளேயே தங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து உயரத்தை மீட்டரில் போட்டு ஓட்டுங்கள். 350 மறைந்துவிடும்.

பூம்பாறை_பூண்டு:
எனக்கும் இதே பிரச்சினை. கொடைக்கானல் பக்கம் பூண்டு வயல்களில் சொந்த விதையையும் வாங்கிய விதையையும் ஒப்பிட்டேன். உங்கள் `idam` எண்ணாக இருக்கிறதா, எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் அதனால்தான் விடை மாறியது. அதைச் சரிசெய்த பிறகு இன்னொன்று: மேல் படிக்கட்டு வயல்களில் எல்லோருமே சொந்த விதைதான், வாங்கிய விதை போட்ட ஒருவர்கூட இல்லை. பிரித்துப் பார்த்தால் அந்தக் கட்டம் காலி, ரெக்ரஷன் மட்டும் ஒரு எண் கொடுத்தது. அதை எடுத்துக்கொள்ளலாமா?

நிகழ்தகவு_நேசன்:
கொழுந்து அக்கா, உங்கள் இரண்டு கணக்கும் சரி. `idam`-இலும் பிழையில்லை. 600, 100 என்ற இரண்டு எண்ணையும் எந்த எடையில் சேர்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

நீங்கள் தோட்டங்களின் எண்ணிக்கையை எடையாக வைத்தீர்கள், 60-க்கு 60. நீங்கள் எழுதிய ரெக்ரஷன், மரத்தின் பலன் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் ஒப்பிட வசதி அதிகமுள்ள இடத்தின் பேச்சைத்தான் அதிகம் கேட்கும். பள்ளத்தில் 54 பேருக்கு எதிரே 6 பேர்தான். அந்த எடை 54 × 6 ÷ 60 = 5.4. சரிவில் 30 × 30 ÷ 60 = 15. இப்போது சேர்த்துப் பாருங்கள்:

(5.4 × 600 + 15 × 100) ÷ 20.4 = 232

உங்கள் எண் அப்படியே வருகிறது. பள்ளத்தில் பாதித் தோட்டங்கள் இருந்தும் அதற்கு நாலில் ஒரு பங்கு எடைதான் கிடைத்திருக்கிறது.

மாண்டெலும் ஹான்ஸ்செலும் 1959-இல் சொன்ன எடையை வைத்துப் பிரித்துச் சேர்த்தாலும் இதே 232-தான் வரும், ஏனென்றால் வித்தியாசங்களைச் சேர்க்கும்போது அவர்கள் எடையும் இதே 5.4, 15-தான். மறுபக்கம், ரெக்ரஷனிலேயே உங்கள் 350-ஐயும் எடுக்கலாம். பலன் இடத்துக்கு இடம் மாறட்டும் என்று விட்டுவிடுங்கள் (`maram` 0, 1 எண்ணாக இருக்க வேண்டும்):

```r
m  <- lm(ilai ~ maram * idam, data = d)
d1 <- transform(d, maram = 1)
d0 <- transform(d, maram = 0)
mean(predict(m, d1) - predict(m, d0))
```

எதைச் சொல்வது என்பது கூட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 120 தோட்டத்திலும் மரம் இருப்பதற்கும் எதிலுமே இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்றால் 350. இருக்கிற மரத்தை வெட்டினால் என்ன இழப்பு என்றால் மரம் உள்ள 84 தோட்டத்தை வைத்துப் பாருங்கள்: (54 × 600 + 30 × 100) ÷ 84 = 421. மரம் இல்லாதவர்கள் புதிதாக வைத்தால் என்றால் 183. 232 என்பது இந்த மூன்று கேள்வியில் எதற்கும் விடையல்ல. பலன் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்திருந்தால் எல்லா எண்ணும் ஒன்றாகியிருக்கும்.

ஊட்டி நண்பரே, இரண்டே பிரிவு போதாது என்பது நியாயம். ஆனால் உயரத்தை நேர்கோடாகப் போடுவது இங்கே உதவாது. தெளிந்த இரவில் குளிர்க்காற்று சரிந்து பள்ளத்தில் தேங்கும். அதே குன்றில் சற்று மேலே இருக்கும் சரிவில் பனி பிடிக்காது. மீட்டர் கூடக் கூடப் பனியும் ஒரே சீராகக் கூடும் அல்லது குறையும் என்று நேர்கோடு நினைத்துக்கொள்ளும்.

பூம்பாறைத் தம்பி, உங்கள் மேல் வயல்களுக்கு அந்தக் கணக்கில் எடை பூஜ்யம். வந்த எண் கீழ் வயல்களிலிருந்து மட்டுமே வந்தது. கீழ் வயலுக்கு என்று சொல்லிக்கொள்ளுங்கள். மேல் வயலுக்குத் தரவில் விடையே இல்லை.

ஊட்டி_எண்கள்:
நேர்கோடு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 600 முழுக்க 6 தோட்டத்தின் மேல் நிற்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் 500 கிலோ ஏற்ற இறக்கம் என்று வைத்தால், அந்த 600-இன் திட்டப்பிழை சுமார் 215. இரண்டு இடத்துக்கும் உள்ள 500 வேறுபாட்டுக்கே 251 வருகிறது. பலன் மாறுகிறது என்பதே உறுதியில்லாதபோது 232-ஐ ஏன் தள்ள வேண்டும்? அதன் பிழை 111, 350-க்கு 125.

நிகழ்தகவு_நேசன்:
அது நல்ல வாதம். பலன் ஒன்றுதான் என்றால் 232-தான் ஆட்டம் குறைந்த எண். ஒன்றல்ல என்றால், யாரும் கேட்காத கேள்விக்குத் துல்லியமான விடை. இந்த அளவு தரவை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 600-ஐயும் 100-ஐயும் தனித்தனியாகச் சொல்வதுதான் என் விருப்பம்.

கட்டபெட்டு_தோட்டம்:
கணக்கு எனக்குத் தெரியாது, தேயிலை தெரியும். அந்த 6 தோட்டத்தில் எதெல்லாம் கவாத்து செய்த வருஷம் என்று கேட்டீர்களா அக்கா? கவாத்து வெட்டினால் சில மாதம் இலையே எடுக்க முடியாது.

கோத்தகிரி_கொழுந்து:
இன்று காலை ஆறு பேருக்கும் போன் போட்டேன். இரண்டு தோட்டம் கவாத்து வருஷம், தலா 1500 கிலோ. அவற்றை விட்டால் மீதி நாலின் சராசரி 2850. பள்ளத்து வித்தியாசம் 600-லிருந்து 150 ஆகிறது, சரிவின் 100-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

நிகழ்தகவு_நேசன்:
ஒரு பக்கம் மட்டும் கவாத்துத் தோட்டத்தை எடுத்துவிடாதீர்கள். மரம் உள்ள 54-இலும் கவாத்து இருக்கும், அதையும் எடுத்தால் 3000 மேலே போகும். சரிவிலும் அப்படியே. 120-க்கும் கேட்டு வந்த பிறகுதான் இரண்டு வழியும் ஒத்துப்போகிறதா என்று தெரியும்.

கோத்தகிரி_கொழுந்து:
சரி. இதுவரை 31 தோட்டம் கேட்டாயிற்று. கூட்டத்தில் இப்போதைக்கு எந்த எண்ணும் சொல்லவில்லை.