அறுபதாம் கல்யாணப் படத்தில் என் உடலும் அக்காவின் முகமும்

தென்காசி வாசகி:

என் சின்னம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. கனடாவில் இருக்கும் அவர்களுடைய மூத்த மகளுக்கு விடுப்புக் கிடைக்காததால் அக்காவும் அத்தானும் வர முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தான் ஒரு படத்தைப் போட்டார். அதில் சின்னம்மாவுக்குப் பின்னால், என் பச்சைப் பட்டுப்புடவையோடும் என் கம்மலோடும் சின்னம்மாவின் தோளில் வைத்த என் கையோடும் அக்கா நின்றிருந்தாள். நான் நின்ற இடத்தில் என்னைத் தவிர எல்லாம் இருந்தன. அத்தான் அக்காவிடம் கேட்டிருக்கிறார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் தனியாகச் செய்தி அனுப்பியதும் அத்தான் வருத்தம் தெரிவித்தார். ஆனால் சின்னம்மா அதற்குள் அதைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். "பெற்ற மகள் பக்கத்தில் நிற்கிறாள் என்று பார்த்துக்கொள்கிறேன், உனக்கு இதில் என்னம்மா குறை?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படி நேர்ந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

சேலம் முத்து:

குழு என்பது நம் வீட்டுக்குள் இருப்பதுதானே, அத்தானிடம் சொல்லி எல்லோருக்குமாக அழிக்கச் செய்துவிட்டால் முடிந்தது. மறுத்தால், 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் ஒருவருடைய படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது.

திருமணப் படக்காரர்:

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் திருமணப் படங்களைத் தொகுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். முகத்தை மாற்றும் இந்தச் செயலிகள் பெரும்பாலும் புருவத்திலிருந்து தாடை வரையிலான பகுதியை மட்டுமே மாற்றுகின்றன. முடி, காது, கழுத்து எல்லாம் முதலில் நின்றவருடையவை. அதைவிட முக்கியமானது, தலை திரும்பியிருக்கும் கோணமும் முகபாவமும்கூட அவருடையவையே. அந்தப் படத்தில் உங்கள் அக்கா சிரிக்கிறார் என்றால், அந்த நேரத்தில் நீங்கள் சிரித்த சிரிப்பின் வடிவத்தில்தான் சிரிக்கிறார். ஆகவே ஒவ்வொரு முகமாற்றத்திலும் இருவர் இருக்கிறார்கள். முகம் யாருடையதோ அவரிடம் கேட்பவர்கள்கூட, உடல் யாருடையதோ அவரிடம் கேட்பதில்லை. என்னிடம் வரும் குடும்பங்களிலும் இதையே பார்க்கிறேன்.

இந்தச் செயலிகளில் பரவலாகப் புழங்கும் ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரி, முகத்தை 128-க்கு 128 புள்ளி அளவில்தான் உருவாக்குகிறது. குழுப்படத்தில் முகம் சிறியதாக இருப்பதாலும், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதாலும், ஒட்டிய இடம் கைப்பேசியில் தெரியாது. பெரிதாக அச்சிட்டால் அந்த ஒரு முகம் மட்டும் மற்றவற்றைவிட மழுங்கி இருக்கும். கழுத்தின் நிறமும் கன்னத்தின் நிறமும் சேராது. சின்னம்மா வீட்டுப் படத்தில் அதைப் பாருங்கள்.

முத்து ஐயா சொன்னதில் பாதி சரி. அனுப்பியவரோ குழு நிர்வாகியோ எல்லோருக்குமாக அழிக்கலாம், ஆனால் அனுப்பியவருக்கு அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம். வேறு குழுவுக்குப் போன பிரதி அப்படியே இருக்கும். ஐபோனில் படங்கள் தானாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அங்கேயும் இருக்கும். தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காக ஒருவர் செய்வதற்கு நீங்கள் சொன்ன சட்டம் பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. அத்தான் மீது அது பாயாது.

கோவை ரவி:

இறந்தவர்களைச் சேர்ப்பது தவறா என்று கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் திருமணப் படத்தில் மறைந்த அப்பாவைச் சேர்த்தோம். சித்தப்பா, "என்னை வைத்தே செய்துகொள்" என்று வேட்டி சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து கொடுத்தார். அம்மா அந்தப் படத்தைக் கும்பிடுகிறார். என்னைப் பொறுத்தவரை அதில் தவறே இல்லை.

தென்காசி வாசகி:

ரவி அண்ணா, என் கேள்வி இறந்தவர்களைப் பற்றியது அன்று. ஆனால் உங்கள் சித்தப்பா தாமாக முன்வந்து உட்கார்ந்தார் என்பதுதான் எனக்கு வேண்டிய பதில். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ, ஆனால் அந்தக் கேள்வியே எழவில்லை. வேறொரு கவலையும் இருக்கிறது. அந்தப் படம் அத்தானின் அண்ணன் வீட்டுக் குழுவுக்கும் போயிருக்கிறது. அங்கே என்னை அறியாதவர்கள் அதை உண்மைப் படமாகவே வைத்திருப்பார்கள்.

திருமணப் படக்காரர்:

அந்தக் குழுவில் அத்தானே "இது மாற்றிய படம், நின்றவர் இன்னார்" என்று எழுதி, மூலப்படத்தையும் போடட்டும். பிரதிகளைத் துரத்துவதைவிட அது பயன் தரும். சின்னம்மாவுக்காக, மூலப்படத்தின் ஓரத்தில் அக்காவைத் தனி ஆளாகச் சேர்த்துத் தருகிறேன். அக்கா புடவை கட்டி, சுவரிலிருந்து விலகி நின்று, படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறதோ அதே பக்கம் சன்னல் இருக்குமாறு, கேமராவை மார்பளவு உயரத்தில் வைத்து எடுத்து அனுப்பட்டும். யாருடைய உடலும் தேவையில்லை.

தென்காசி வாசகி:

அக்கா ஒத்துக்கொண்டாள். அத்தான் இன்று இரவு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். சின்னம்மா மட்டும், புதிய படம் கைக்கு வந்த பிறகுதான் பழையதைக் கழற்றுவது பற்றி யோசிப்பேன் என்கிறார்.