கீசர் மாட்டும் சுவர் – குடும்பக் குழு உரையாடல்

கவிதா: அனைவருக்கும் வணக்கம். கோவையில் அம்மாவின் குளியலறையில் சனிக்கிழமை 25 லிட்டர் கீசரை மாட்ட இருக்கிறோம். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள நாலரை அங்குலச் செங்கல் சுவரில்தான் அதை மாட்ட முடியும், ஏனெனில் தண்ணீர் இணைப்புகள் அங்கேதான் வந்திருக்கின்றன. பெட்டிக்குள் கொக்கியுடன் கூடிய இரண்டு ஆங்கர் போல்ட்டுகள் இருக்கின்றன, நீளம் 60 மில்லிமீட்டர். இவை போதுமா என்று செல்வராஜ் மாமா சொன்னால் நன்றாக இருக்கும்.

பாஸ்கர் அண்ணன்: பெட்டியில் வரும் போல்ட்டை நம்ப வேண்டாம், கவிதா. கடையில் 12 மில்லிமீட்டர் இரும்பு ஆங்கர் வாங்கி, நட்டை முழுப் பலத்தோடு இறுக்கிவிட்டால் அது எங்கும் போகாது. எங்கள் அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டியின் வெளி அலகை அப்படித்தான் மாட்டினார்கள்.

மீனா சித்தி: எங்கள் வீட்டுக் கீசரில் சூடாகும்போதெல்லாம் பக்கத்துக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது. சுவரில் சரியாக மாட்டாததால்தான் வருகிறதோ?

செல்வராஜ் மாமா: மீனா, அதற்கும் சுவருக்கும் தொடர்பில்லை. தண்ணீர் சூடாகும்போது விரியும், விரிந்த அளவு பாதுகாப்பு வால்வு வழியாக வெளியேறுகிறது. அந்த வாயை ஒருபோதும் அடைத்துவிடாதே, ஒரு சிறு குழாயை மாட்டித் தரை வடிகாலுக்கு விட்டுவிடு. சூடாகாத நேரத்திலும் நிற்காமல் ஒழுகினால் மட்டும் ஆளைக் கூப்பிடு.

கவிதா, போல்ட் சரியா என்று பார்ப்பதற்கு முன் அது எதில் பிடிக்கப் போகிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருக்கிறதல்லவா? டைல்ஸ் 8 மில்லிமீட்டர், அதன் பின்னால் உள்ள சாந்து ஏறத்தாழ 20, அடிப்பூச்சு 12 என்று வைத்தால், முதல் 40 மில்லிமீட்டர் வரை செங்கலே வருவதில்லை. உன் போல்ட்டின் 60 மில்லிமீட்டரும் உள்ளே போனாலும் செங்கலுக்குள் இருப்பது 20 மட்டுமே. விரியும் பகுதி செங்கலின் விளிம்பில் நின்றால் செங்கல் உடையும், பூச்சுக்குள் நின்றால் பூச்சு பொடிந்து கொக்கி ஆடத் தொடங்கும்.

கவிதா: அப்படியானால் பாஸ்கர் அண்ணன் சொன்னதுபோல் பெரிய போல்ட்தான் தேவையா, மாமா?

செல்வராஜ் மாமா: நீளமானது வேண்டும் என்பதில் பாஸ்கர் சொல்வது சரி, ஆனால் இரும்பு ஆங்கர் கான்கிரீட்டுக்கு உரியது, அலுவலகத்தில் மாட்டியது அநேகமாகத் தூணிலோ பீமிலோ இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அதன் உறை பக்கவாட்டில் செங்கலைத் தள்ளும், அந்தத் தள்ளலைச் செங்கல் தாங்காமல் பிளந்துகொள்ளும். நட் இறுகாமல் சுற்றிக்கொண்டே போனால் உள்ளே பிளந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு நான் 10 மில்லிமீட்டர் நைலான் பிளக்கையே போடுவேன். அது 100 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதற்குள் போகும் கொக்கித் திருகு பிளக்கின் முனைவரை எட்ட வேண்டும், ஏனெனில் பிளக் விரிவது அந்த முனைப் பக்கம்தான். அப்போது செங்கலுக்குள் 60 மில்லிமீட்டர் பிடிப்பு கிடைக்கும். தூசி தங்குவதற்காகத் துளையை 110 வரை போடச் சொல்.

பாஸ்கர் அண்ணன்: பிளாஸ்டிக் பிளக் அவ்வளவு எடையைத் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாளை கீழே விழுந்தால் யார் பொறுப்பு?

செல்வராஜ் மாமா: கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலிக் கீசர் 11 கிலோ, தண்ணீர் 25 கிலோ, மொத்தம் 36. கீழ்நோக்கி ஒவ்வொரு கொக்கியும் 18 கிலோ தாங்குகிறது, அது பெரிய விஷயமே இல்லை. கவலைக்குரியது வெளிப்பக்க இழுப்பு. கீசரின் எடை மையம் சுவரிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, கீழ்ப்பகுதி கொக்கிக்கு 30 சென்டிமீட்டர் கீழே சுவரில் சாய்ந்து நிற்கிறது என்று கொள்வோம். 36-ஐ 20-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் 24 கிலோ, ஒரு கொக்கிக்கு 12. நல்ல செங்கலில் 60 மில்லிமீட்டர் பிடித்த பிளக் இதைப்போலப் பல மடங்கைத் தாங்கும். ஆனால் பூச்சில் மட்டும் பிடித்திருந்தால் இந்த 12 கிலோவே நாளடைவில் அதைப் பிடுங்கிவிடும்.

கவிதா: கணக்கு புரிந்தது, மாமா. ஆனால் இரண்டு பக்கமும் பூசிய சுவரில் செங்கல் எங்கே, சந்து எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செல்வராஜ் மாமா: டிரில்லிலிருந்து வரும் தூசியைப் பார். முதலில் 6 மில்லிமீட்டர் பிட்டால் சோதனைத் துளை போடச் சொல். டைல்ஸைத் தாண்டும்வரை சுத்தியல் முறை கூடவே கூடாது, டைல்ஸ் விரிசல் விடும். சாம்பல் நிறத் தூசி முதலில் வரும், 40 மில்லிமீட்டர் வாக்கில் அது சிவப்பாக மாறினால் செங்கல். சிவப்பே வராமல் சாம்பல் நிறமாகவே தொடர்ந்து, பிட்டும் திடீரென்று எளிதாக உள்ளே போனால் சந்தில் இறங்கியிருக்கிறது. ஒரு வரிசைச் செங்கலும் சாந்தும் சேர்ந்து 8 அல்லது 9 சென்டிமீட்டர் உயரம் வரும், ஆகவே இரண்டு துளைகளையும் சேர்த்தே 4 சென்டிமீட்டர் மேலே நகர்த்தினால் செங்கலின் நடுவில் வந்துவிடும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் கீசர் கோணலாகத் தொங்கும்.

செங்கலுக்குள் 10 மில்லிமீட்டர் துளை போடும்போதும் சுத்தியல் முறை வேண்டாம். உன் சுவர் மெல்லியது, அடியின் அதிர்வில் படுக்கையறைப் பக்கம் பூச்சு பெயர்ந்து விழும்.

கவிதா: கொக்கியின் உயரத்தை எங்கே வைப்பது? இணைப்பு முனைகள் தரையிலிருந்து 180 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன.

செல்வராஜ் மாமா: ஹீட்டர் காயிலைக் கீழ்ப்பக்கமாகத்தான் கழற்றுவார்கள், இணைப்புக் குழாய்களும் மடங்காமல் வளைய வேண்டும். அதனால் முனைகளுக்கும் கீசரின் அடிக்கும் இடையே 25 சென்டிமீட்டர் விடு, அடி 205-இல் வரும். கொக்கி மாட்டும் இடத்திலிருந்து அடிவரை எவ்வளவு என்று உன் கீசரின் முதுகில் அளந்து பார். 40 என்றால் கொக்கிக் கோடு 245. இரண்டு கொக்கிகளுக்கு இடையிலான தூரத்தையும் முதுகிலேயே அளந்து காகிதத்தில் குறித்து, ரசமட்டம் வைத்துச் சுவருக்கு மாற்று. கீசரைத் தூக்கி மாட்டவும் கழற்றவும் மேலே இடம் வேண்டும் என்பதை மறந்துவிடாதே. இணைப்பு முனைகளுக்கு நேர் மேலேயும் ஸ்விட்சுக்கு நேர் மேலேயும் துளை போட வேண்டாம், உள்ளே குழாயும் ஒயரும் அந்த வழியாகத்தான் பெரும்பாலும் ஏறியிருக்கும்.

பாஸ்கர் அண்ணன்: எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. சுவரை முழுவதும் துளைத்து, படுக்கையறைப் பக்கம் இரும்புத் தகடு வைத்து நட் போட்டுவிட்டால் சந்தேகமே இருக்காதே.

செல்வராஜ் மாமா: அது மிக உறுதியான வழிதான், நான் மறுக்கவில்லை. செங்கல் மட்டமாக இருந்தால், அதாவது தூசி மாவாகக் கொட்டி, பிளக்கைக் கையால் தள்ளியே இறக்க முடிந்தால், அதைத்தான் செய்ய வேண்டும். நல்ல செங்கலில் அது தேவை என்று நான் நினைக்கவில்லை.

அம்மா: என் கட்டிலுக்கு மேலே இரும்புத் தகடும் நட்டும் தெரிவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் பாஸ்கர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

கவிதா: அப்படியானால் சோதனைத் துளையின் தூசியைப் படம் எடுத்துக் குழுவில் போடுகிறேன், அதைப் பார்த்து முடிவு செய்யலாம். நைலான் பிளக்கோடு, தகட்டுக்கான நீண்ட போல்ட்டுகளையும் வாங்கி வைக்கிறேன்.

செல்வராஜ் மாமா: நல்லது. மாட்டியதும் உடனே தண்ணீர் நிரப்ப வேண்டாம். காலிக் கீசரின் மேல்பகுதியைப் பிடித்து உன் பக்கம் மெதுவாக இழுத்துப் பார், கொக்கி துளியும் அசையக் கூடாது. பிறகு நிரப்பி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையின்றி வந்த பின்புதான் ஸ்விட்சைப் போட வேண்டும். மறுநாள் கொக்கியைச் சுற்றி டைல்ஸில் விரிசல் தெரிகிறதா, கீசர் சுவரிலிருந்து விலகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

மீனா சித்தி: எங்கள் வீட்டிலும் டைல்ஸுக்கு மேல்தான் மாட்டியிருக்கிறார்கள். எத்தனை நீளப் போல்ட் போட்டார்கள் என்று மாட்டியவரிடம் இன்று கேட்கப் போகிறேன்.