துரத்திய விளம்பரமும் பக்கத்தில் நின்ற விளம்பரமும்: எங்கள் தொலைநோக்கி கேம்பெய்ன் அனுபவம்

துருவநட்சத்திரம்:
ஆரம்பநிலைத் தொலைநோக்கிகளை ஆன்லைனில் மட்டும் விற்கிற சின்ன நிறுவனம் எங்களுடையது. மூன்று வருஷமாக டிஸ்ப்ளே பட்ஜெட் முழுவதும் ரீமார்க்கெட்டிங்குக்குத்தான் போனது. எங்கள் தளத்துக்கு வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்கள் வேறு எங்கே போனாலும் கூடவே போய் நிற்கிற விளம்பரம்.

ஏஜென்சி அனுப்பும் ரிப்போர்ட் எப்போதும் அழகாக இருக்கும். ஒரு நான்கு வாரக் கணக்கில், அந்த விளம்பரத்தால் 96 விற்பனை என்று போட்டிருந்தார்கள். பிரித்துக் கேட்டபோது, கிளிக் செய்து வந்து வாங்கியவர்கள் 21 பேர்தான். மற்ற 75 பேர் கிளிக் செய்யவே இல்லை. விளம்பரம் அவர்கள் திரையில் எங்கோ வந்திருக்கிறது, 30 நாளுக்குள் வாங்கியிருக்கிறார்கள், அதனால் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். அந்த 75 என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு மாடலை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனவர் எப்படியும் திரும்பி வந்திருக்க மாட்டாரா?

அதைத் தெரிந்துகொள்ள அந்த நான்கு வாரமும் ஒரு சோதனை ஓட்டியிருந்தோம். தளத்துக்கு முதல்முறை வருகிறவரை நாணயம் சுண்டுவதுபோல A அல்லது B என்று பிரித்து, அதை அவர் பிரவுசரிலேயே சேமித்தோம். A பட்டியலுக்கு மட்டும் விளம்பரம், B பட்டியலுக்கு எதுவும் இல்லை. ஒவ்வொன்றிலும் சுமார் 10,000 பேர். விற்பனையை ரிப்போர்ட்டில் பார்க்காமல் எங்கள் ஆர்டர் பதிவிலிருந்தே எண்ணினோம். A-யில் வாங்கியவர்கள் 118. விளம்பரமே காட்டாத B-யில் 109.

அதற்குப் பிறகுதான் ஆளைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, வானத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் விளம்பரம் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன். முதல் வாரம் படுதோல்வி. நட்சத்திரம், கிரகம், வியாழன், சனி என்று ஒற்றைச் சொற்களைக் கீவேர்டாகக் கொடுத்திருந்தேன். கூகுள் ஆட்ஸில் `Where ads showed` பக்கத்தைத் திறந்தால் ராசிபலன், சினிமா நட்சத்திரங்களின் பேட்டி, "வியாழன் முதல் சனி வரை" என்று கிழமை போட்ட அறிவிப்புகள். இன்னொரு பெரிய பங்கு கேம் ஆப்களுக்குப் போயிருந்தது. `Optimized targeting` தானாகவே ஆன் ஆகி இருந்ததுதான் காரணம். நாம் கொடுத்த கீவேர்டை அது ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு வெளியேயும் போய் ஆள் தேடுகிறது.

அதை அணைத்தேன், ஆப்களை விலக்கினேன், ஒற்றைச் சொற்களை எல்லாம் எடுத்தேன். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து நானே படித்து 60 பக்கங்களைத் தேர்ந்தெடுத்தேன். வானத்தில் இன்று என்ன தெரியும், விண்கல் மழையை எங்கிருந்து பார்ப்பது, குழந்தைக்கு நிலவைக் காட்டுவது எப்படி என்ற மாதிரிப் பக்கங்கள். படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. "வெறுங்கண்ணால்" என்ற சொல் வருகிற கட்டுரைகள்தான் எங்களுக்கு மிகப் பொருத்தம். "வெறுங்கண்ணால் வியாழன் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்" என்று எழுதியிருக்கும் இடத்தில் வாசகருக்கு அடுத்த ஆசை தானாக வருகிறது. அந்தப் பத்திக்குப் பக்கத்தில் எங்கள் விளம்பரத்தில் ஒரே வரி: "வியாழனின் நான்கு நிலவுகளை இதில் பார்க்கலாம்."

டிசம்பர் 13, 14-இல் ஜெமினிட் விண்கல் மழை உச்சத்துக்கு வரும். அதை ஒட்டி நான்கு வாரம் ஓட்டினோம், ரீமார்க்கெட்டிங்குக்குச் செலவழித்த அதே தொகையில். அந்தச் சமயத்தில் வான்கட்டுரை படிப்பவர்கள் தானாகவே கூடுவார்கள், அதனால் முன்பு, பின்பு என்று ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். எனவே நாங்கள் விற்கும் பகுதிகளை விற்பனை அளவில் சமமான இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒன்றில் மட்டும் விளம்பரம் காட்டினோம். அதற்கு முந்தைய நான்கு வாரத்தில் இரண்டு கூட்டத்திலும் விற்பனை 150, 146. விளம்பரம் ஓடிய வாரங்களில், காட்டிய கூட்டத்தில் 248, காட்டாததில் 171. ரிப்போர்ட் இந்த விளம்பரத்தின் கணக்கில் சேர்த்தது வெறும் 31 விற்பனை.

இதே மாதிரி யாராவது அளந்து பார்த்திருக்கிறீர்களா? என் கணக்கில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

புதுவரவு:
அருமையான பதிவு அக்கா. ஆளைத் துரத்த உதவுகிற குக்கீயே ஒழிந்துவிட்டதே, இனி எல்லோரும் பக்கத்தின் விஷயத்தைப் பார்த்து விளம்பரம் வைக்கிற கன்டெக்ஸ்சுவலுக்குத்தான் வந்தாக வேண்டும். நான் படித்த பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள்.

எண்கணக்கு:
தம்பி, பாதி சரி. சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதும் தடுக்கிறது, ஃபயர்ஃபாக்ஸும் தடுக்கிறது. ஆனால் குரோம் நீக்கப்போவதாக 2020-இல் அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆகவே துரத்தல் இன்னும் நடக்கிறது. ஆனால் பட்டியலில் குரோம் போன்ற பிரவுசரில் வந்தவர்கள்தான் இருக்கிறார்கள். சஃபாரியில் வந்து பார்த்துவிட்டுப் போனவரை அந்த வழியில் உங்களால் பின்தொடர முடியாது. கட்டுரைப் பக்கத்தில் வைத்த விளம்பரத்துக்கு அவர் எந்தப் பிரவுசரில் வந்தாலும் ஒன்றுதான்.

துருவநட்சத்திரம் மேடம், உங்கள் கணக்குக்கு வருகிறேன். 118-க்கும் 109-க்கும் இடையே 9 வித்தியாசம். இந்த அளவு எண்ணிக்கையில் தற்செயலாகவே 30 வரை மேலும் கீழும் ஆடும். எனவே விளம்பரத்தால் கூடியது பூஜ்யமாகவும் இருக்கலாம், 39 ஆகவும் இருக்கலாம். "ரீமார்க்கெட்டிங் வேலை செய்யவில்லை" என்று சொல்ல இது போதாது. "96 என்பது உண்மையில்லை" என்று சொல்லத் தாராளமாகப் போதும்.

இரண்டாவது சோதனையில், விளம்பரம் இல்லாத கூட்டத்தின் வளர்ச்சியை வைத்துப் பார்த்தால் மற்றதிலும் 176 அளவுக்கு எதிர்பார்த்திருக்கலாம். வந்தது 248. கூடுதல் சுமார் 72. இதிலும் ஆட்டம் பெரிதுதான், ஆனால் வெறும் தற்செயல் என்று தள்ள முடியாது.

ஒரே குறை, முதல் சோதனை சாதாரண மாதத்தில், இரண்டாவது விண்கல் மழை மாதத்தில். இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது நியாயமில்லை.

விளம்பரத்தச்சன்:
எங்களிடம் நேர்மாறான முடிவு வந்தது. நாங்கள் ரீமார்க்கெட்டிங் விளம்பரத்தை உண்மையில் பார்த்தவர்களையும் பார்க்காதவர்களையும் ஒப்பிட்டோம். பார்த்தவர்கள் மூன்று மடங்கு அதிகமாக வாங்கியிருந்தார்கள். நாணயம் சுண்டுவதெல்லாம் தேவைப்படவில்லை.

எண்கணக்கு:
அந்த ஒப்பீட்டில்தான் சிக்கல், சார். உங்கள் விளம்பரம் யாருக்குக் காட்டப்பட்டது? நிறைய இணையம் மேய்பவருக்கு, அதிலும் வாங்கும் வாய்ப்பு அதிகம் என்று விளம்பர இடத்துக்கான ஏலத்தில் சிஸ்டம் கணித்த ஆளுக்கு. வாங்கப்போகிறவரைத் தேடிப்பிடித்துக் காட்டிவிட்டு, பார்த்தவர் வாங்கினார் என்றால் அது விளம்பரத்தின் வேலை ஆகாது. A-யில் விளம்பரம் கண்ணில் படாதவர்களையும் சேர்த்து மொத்த A-யையும், மொத்த B-யையும் ஒப்பிட்டதுதான் மேடம் செய்த சோதனையின் பலம்.

விளம்பரத்தச்சன்:
புரிகிறது. ஆனால் நாங்கள் விற்பது அலுவலகங்களுக்கான மென்பொருள். முடிவெடுக்க மூன்று மாதம் ஆகும், நான்கு பேர் கையெழுத்து வேண்டும். இடையில் எங்கள் பெயரையே மறந்துவிடுவார்கள். அவர்களைப் பின்தொடர்வது வீண் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எண்கணக்கு:
வீண் என்று நானும் சொல்லவில்லை. 2013-இல் லாம்பிரெக்ட், டக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பயணத் தளத்தில் சோதித்தார்கள். ஒருவர் பார்த்த அதே ஹோட்டலையே திரும்பக் காட்டும் விளம்பரம், பொதுவான விளம்பரத்தைவிடச் சராசரியில் மோசமாக இருந்தது. ஆனால் விமர்சனத் தளங்களைப் போய்ப் படித்தவர்களிடம், அதாவது என்ன வேண்டும் என்று மனதில் தெளிந்துவிட்டவர்களிடம், அந்தப் பின்னடைவு இல்லை. உங்கள் நான்கு கையெழுத்து ஆட்கள் அந்த நிலைக்கு வந்த பிறகு பின்தொடர்வதில் அர்த்தம் இருக்கலாம். முதல் நாளிலிருந்தே தொடங்குவதுதான் சந்தேகம்.

நிலாமுற்றம்:
நான் விளம்பரத் துறை இல்லை, வாங்குகிற ஆள். ஒரு நாற்காலி வாங்கினேன். வாங்கி முடித்த பிறகும் ஒரு மாதம் அதே நாற்காலி எல்லாத் தளத்திலும் வந்து நின்றது. எங்கள் அம்மாவின் போனில்கூட! எரிச்சலில் அந்தத் தளத்துக்கே போவதை நிறுத்திவிட்டேன். இதை எப்படி நிறுத்துவது?

துருவநட்சத்திரம்:
உங்கள் பக்கத்திலிருந்து, பிரவுசரில் குக்கீகளை அழித்தால் பெரும்பாலும் நிற்கும். ஆனால் தவறு உங்களுடையது இல்லை. வாங்கியவர்களைத் தனிப் பட்டியலாக எடுத்து விலக்குவது விற்பவர் வேலை. கூகுள் ஆட்ஸில் ஒருவர் பட்டியலில் இருக்கும் காலம் சாதாரணமாக 30 நாள், விரும்பினால் 540 நாள்வரை நீட்டலாம். அதை மாற்றாமல் விட்டால் நீங்கள் சொன்ன அந்த ஒரு மாதம்தான் வரும். நாங்களும் முதல் வருஷம் விலக்காமல்தான் ஓட்டினோம். வாங்கிய ஒருவர் கோபமாக எழுதிய மின்னஞ்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பக்கம்_நடத்துபவன்:
நான் ஒரு வானியல் தளம் நடத்துகிறேன், உங்கள் விளம்பரம் வரும் பக்கம் மாதிரிதான். ஒரு வேண்டுகோள். பொருத்தமான விளம்பரம் வந்தால் வாசகர்கள் திட்டுவதில்லை, உண்மை. ஆனால் சிலர் அதையே திரை முழுக்க மூடும்படி, சத்தத்தோடு கேட்கிறார்கள். அப்படி விட்ட வாரங்களில் கிளிக் கூடியது, வாசகர்கள் பாதியில் எழுந்து போனார்கள்.

எண்கணக்கு:
இதற்கும் ஒரு சோதனை உண்டு. கோல்ட்ஃபார்ப், டக்கர், 2011. பக்கத்தோடு பொருந்துவது வாங்கும் எண்ணத்தைக் கூட்டியது, கண்ணை மறிக்கும் விளம்பரமும் தனியாகக் கூட்டியது. இரண்டையும் சேர்த்தால் பலன் காணாமல் போனது. பொருத்தமும் இருந்து வழியையும் மறித்தால் தன்னை வளைக்கப் பார்க்கிறார்கள் என்று வாசகர் உஷாராகிவிடுகிறார் என்பது அவர்கள் விளக்கம். மேடத்தின் ஒரு வரி விளம்பரம் எடுபட்டதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

புதுவரவு:
அக்கா, 60 பக்கம் மட்டும் என்றால் சீக்கிரம் தீர்ந்துவிடாதா?

துருவநட்சத்திரம்:
தீர்ந்துவிடுகிறது தம்பி, அதுதான் இப்போதைய தலைவலி. மூன்றாவது வாரத்திலேயே அந்தப் பக்கங்களில் கிடைக்கும் இடத்தை முழுவதும் வாங்கிவிட்டோம், பட்ஜெட்டில் மிச்சம் நின்றது. அதைச் செலவழிக்கப் பட்டியலை 200 பக்கமாக்கினேன். புதிதாகச் சேர்த்ததில் ராக்கெட் ஏவுதல் செய்திகள் நிறைய. படிப்பவர்கள் ஏராளம், எங்களிடம் வந்தவர்கள் மிகக் குறைவு. ராக்கெட் செய்தி படிக்கிறவருக்கு அன்று இரவு மாடிக்குப் போய் வானத்தைப் பார்க்கும் எண்ணம் இல்லை.

எண்கணக்கு சார் சொன்ன குறையைச் சரிசெய்ய, பெர்சீட் விண்கல் மழை வரும் ஆகஸ்டில் இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்டப்போகிறேன். பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் ரீமார்க்கெட்டிங் மட்டும், ஒன்றில் கட்டுரைப் பக்கங்கள் மட்டும், ஒன்றில் எதுவும் இல்லை. மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் விற்பனை எண்ணிக்கை குறைந்துவிடுமே, அப்போது எட்டு வாரம் ஓட்டினால் போதுமா சார்?

எண்கணக்கு:
எட்டு வாரத்தில் விண்கல் மழையின் தாக்கம் கரைந்துவிடும். நான்கே வாரம் ஓட்டிவிட்டு, டிசம்பரில் கூட்டங்களை இடம் மாற்றி இன்னொரு நான்கு வாரம் ஓட்டுங்கள். முந்தைய எட்டு வார விற்பனையைப் பகுதிவாரியாக இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு தேடினால் எந்த ஆர்டர் எந்தப் பகுதி என்று பிரிப்பதே பெரும்பாடு.