முந்திரிகை அறுவடைக்கு எந்த நாளில் யாழ்ப்பாணம் போகலாம்?

வணக்கம் உறவுகளே. திருகோணமலையிலிருந்து அம்மாவோடும் பிள்ளைகளோடும் ஒரு முந்திரிகைத் தோட்டத்தில் இரண்டு நாள் ஆறுதலாகப் பழம் சுவைத்து இருந்துவிட்டு வர ஆசை. போனமுறை அவசரப்பட்டுப் போய்விட்டோம். நிறம் கறுத்திருந்தது, ஆனால் குலையின் நுனிப்பழம் புளித்தது. நுனிதான் கடைசியாக இனிக்கும். பறித்தபின் முந்திரிகை பழுக்காது.

இம்முறை தோட்டக்கார அண்ணா ஏப்ரல் 20ஆம் திகதி கொடி வெட்டியிருக்கிறார். வெட்டி 110 முதல் 120 நாள் என்று கணக்குப் பார்த்தால் ஆகஸ்ட் 8 முதல் 18 வரை வருகிறது. அந்த நாட்களில் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடுமே என்று பயமாக இருக்கிறது. அங்கே தோட்டம் செய்பவர்கள் சொல்லுங்கள்: 14ஆம் திகதி போனால் சரியா, இன்னும் பொறுக்கவா? அம்மாவுக்கு வெயில் ஆகாது, காலையில் எத்தனை மணிக்குப் பறிப்பீர்கள்?