புதுப்பிப்பு: காசிமேட்டு ரசிகர் குழுவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது (கிட்டத்தட்ட)

போன மாதம் நான் கேட்டது: “எங்கள் காசிமேட்டு ஃபுட்பால் டீமின் ரசிகர் குழுவுக்குக் கத்துவதற்குத் தோதாக ஒரு பெயர் சொல்லுங்கள்.”

அதிக ஓட்டு ‘கடல் முரசு’க்கு. ஞாயிற்றுக்கிழமை மேட்சில் நாற்பது பேர் கத்திப் பார்த்தோம். எதிர்ப்பக்கம் நின்ற தம்பிக்குக் ‘கடமுர்ஸ்’ என்றுதான் கேட்டதாம். பறை அடிக்கும் அண்ணன் சிரித்தார். “கடைசி ‘உ’வை வாய் விழுங்கிடும்டா. ‘ஆ’வில் முடிக்கிற பேரா வை.”

நான்கு அசைக்குள் இருந்தால் போதும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி. ‘கடல் முரசு’ம் மூன்றே அசைதான்.

அப்புறம் ‘சுறா’ வந்தது. ஒருவர் “காசிமேட்டு” என்று இழுக்க, பறை இரண்டு அடி, கூட்டம் “சுறா!” அந்த ‘றா’வை மூச்சு தீரும்வரை பிடிக்கலாம். கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர் குழுவான ‘மஞ்ஞப்பட’வும் அப்படித்தான் வாய் திறந்து முடிகிறது.

பக்கத்து வீட்டு மாமா மட்டும், “விஜய் மன்றமா?” என்கிறார். பேனரில் ‘சுறா’வா, ‘சுறாக்கள்’ஆ? இன்னும் சண்டை ஓயவில்லை. ‘க்கள்’ சேர்த்தால் கத்தவே வராது என்பது என் கட்சி.