இரண்டு கணக்குகளை ஒப்பிட்டு வேறுபாட்டுக்குக் காரணம் காணும் ரீகன்சிலியேஷனுக்குத் தமிழில் என்ன சொல்? சனிக்கிழமைக்குள் வேண்டும்

வகுப்பு நடத்துபவர்:
சிறுகடைக் கணக்கர்களுக்கு ஜிஎஸ்டி வகுப்பு எடுக்கிறேன். அதற்குப் பாடநூலில் இருக்கும் ‘சரிகட்டல்’ என்ற சொல்லே இடைஞ்சலாக இருக்கிறது. போன வாரம் ஒரு கணக்குக் கொடுத்தேன். வாங்கும்போது கட்டி, பிறகு வரவாக எடுத்துக் கழிக்கும் உள்ளீட்டு வரி மார்ச் மாதப் பேரேட்டில் 90,000 ரூபாய். விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் GSTR-2B பட்டியலில் 81,000. ஒரு மாணவர் மீதி 9,000-ஐச் செலவில் எழுதிச் ‘சரிகட்டி’விட்டார். பில் பில்லாக ஒத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: அது 50,000 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீத வரி. விற்றவர் அந்த பில்லை ஏப்ரல் மாத விற்பனை ரிட்டர்னான GSTR-1-இல்தான் காட்டியிருந்தார், ஏப்ரல் 2B-யில் வந்துவிட்டது. பேரேட்டில் பிழையே இல்லை.

ஆடிட்டர்:
அதோடு, ஏப்ரலில் அந்த 9,000-ஐ வரவாகவும் எடுத்தால் ஒரே தொகைக்கு இரண்டு பலன். வருமான வரியில் செலவாகக் கழித்தது ஒன்று, ஜிஎஸ்டியில் வரவு ஒன்று. தணிக்கையில் மாட்டும். தவிர, ‘ஆளைச் சரிக்கட்டியாச்சு’ என்று பேசுகிற ஊரில் தணிக்கை வகுப்பில் அந்தச் சொல் வேண்டாம்.

தமிழாசிரியர்:
‘சீர்தூக்கல்’ இருக்கிறதே! ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்பது குறள். சீர் என்றால் எடை, தூக்கு என்றால் நிறுத்தல். நிறை, நிறுவை, நிறுவு எல்லாம் ஒரே வேர். நிறுத்துப் பார்ப்பவனே நிறுவுகிறான்.

மென்பொருள்காரர்:
ஐயா, மெனுவில் அதைப் பார்த்து யாருக்குப் புரியும்? 2B-யில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் சொல்லே தேவைப்படாது.

ஆடிட்டர்:
பாதிதான் சரி. 2B-யில் இல்லாததை எடுக்க முடியாது. ஆனால் இருப்பதெல்லாம் எடுக்கத் தக்கதல்ல. கடை ஆட்களுக்கு வாங்கிய சாப்பாட்டு பில் அங்கே வந்திருக்கும், பொதுவாக அதன் வரியை வரவு எடுக்க முடியாது. அதுதான் செலவோடு சேர வேண்டியது.

ஹார்டுவேர் கடைக்காரர்:
சொல் எதுவானாலும் சரி, என் பில் ஒன்று ஐந்து மாதமாக 2B-யில் வரவில்லை. விற்றவர் ரிட்டர்ன் போட்டுவிட்டேன் என்கிறார்.

ஆடிட்டர்:
அவர் GSTR-1-இல் உங்கள் பதிவு எண்ணைப் பாருங்கள் அண்ணே. வேறொருவர் எண்ணைப் போட்டிருந்தால் பில் அந்த ஆளின் 2B-யில் உட்கார்ந்திருக்கும். விற்றவரே திருத்த வேண்டும். போன நிதியாண்டு பில் என்றால் நவம்பர் 30-க்குள் நீங்கள் வரவு எடுத்தாக வேண்டும். அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் போட்டால் அன்றோடு முடிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கட பாடநூல்களில் ‘வங்கி இணக்கக் கூற்று’ என்றுதான் படிச்சனாங்கள். ‘கணக்கிணக்கம்’ எண்டு சொல்லலாமே?

தமிழாசிரியர்:
இணக்கம் என்றால் விட்டுக்கொடுத்துப் போவது. இங்கே யாரும் விட்டுக்கொடுக்கவில்லையே. ஏன் வேறுபடுகிறது என்று காரணம் காட்டுவதல்லவா வேலை?

வகுப்பு நடத்துபவர்:
அந்தக் காரணம் காட்டுவதுதான் சொல்லில் வர வேண்டும் ஐயா. ‘ஒப்பிட்டு விளக்கல்’ என்று நான்கு பேர் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். நீளம்தான், இருந்தாலும் கரும்பலகையில் அதையே எழுதுகிறேன்.

தமிழாசிரியர்:
எழுதுங்கள் அம்மா. ஆனால் அது சொல்லல்ல, சொற்றொடர். சீர்தூக்கலை நான் விடவில்லை.